சயாமீஸா, கம்பத்துப் பூனையா? படத்தை வைத்துப் பார்க்கும் முறை

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆயர் ஈத்தாமிலிருந்து என் அக்கா மகன், நான் தம்பி என்று கூப்பிடுபவன், வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினான். பால் நிற உடம்பு, கரியைப் பூசியது போல முகம், நீலக் கண்கள். ஐந்து மாதக் குட்டி. கூடவே ஒரு குரல் பதிவு: “சித்தி, இது சயாமீஸ்தானே? ஐந்நூறு வெள்ளி கேட்கிறார். வாலில் முடிச்சு இருக்கிறது, அதுதான் ஒரிஜினலுக்கு அடையாளம் என்கிறார். நாளைக்குள் சொல்லணுமாம்.”

பினாங்கில் பூனை வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. தெருவில் எடுத்த குட்டியாக இருந்தாலும், யாராவது விற்க வந்த குட்டியாக இருந்தாலும், முகம் கறுத்துக் கண் நீலமாக இருந்தால் உடனே சயாமீஸ் என்று பெயர் வைத்துவிடுகிறோம். கம்பத்துப் பூனை என்று நான் சொல்வது இனம் எதிலும் சேராத நம் ஊர்ச் சாதாரணப் பூனையை. என் வீட்டில் வந்து தங்கிப் போன பூனைகளையும், மற்றவர்கள் காட்டிய படங்களையும் பல வருடமாகப் பார்த்து நான் பழகிய முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சயாமீஸை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் அதிகம் தப்பாகச் சொல்லப்படுவது அதுதான். அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்ற இனங்களையும் அதே வழியில் பார்க்கலாம்.

முதலில் நிறத்தை ஒதுக்கிவையுங்கள்

படத்தில் முதலில் கண்ணில் படுவது நிறம். இனத்தைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் அதுதான்.

சயாமீஸ் நிறம் என்று நாம் சொல்வது ஒரே ஒரு மரபணுவின் வேலை. முடிக்குக் கறுப்பு தரும் நொதி அந்தப் பூனைகளில் சூட்டில் சரியாக வேலை செய்யாது. உடம்பில் சூடு குறைந்த இடங்களில், அதாவது காது, மூக்கு, பாதம், வால் ஆகியவற்றில் மட்டும் வேலை செய்யும். அதனால்தான் ஓரங்கள் கறுத்து, நடு உடம்பு வெளுத்திருக்கிறது. இந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் அந்தப் பூனை கறுப்பாகவோ வரியாகவோ சாதாரணமாகத்தான் இருக்கும். எனவே மார்க்கெட் பின்புறம் சுற்றும் ஒரு கறுப்புப் பூனைக்கும் ஒரு வரிப் பூனைக்கும் பிறந்த நான்கு குட்டிகளில் ஒன்று சயாமீஸ் நிறத்தில் வருவது அதிசயமில்லை.

நீலக் கண்ணும் இதே மரபணுவோடு வருவதுதான். சில குட்டிகளுக்கு இருக்கும் மாறுகண்ணும் இதோடு சேர்ந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் இந்த நிறமுள்ள பூனைகளில் கொஞ்சம் மாறிப் போகின்றன. ஆகவே கறுத்த முகம், நீலக் கண், மாறுகண் மூன்றும் மூன்று சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சியை மூன்று முறை கூப்பிடுவது போலத்தான்.

அப்புறம் வால். முடிச்சு வால், அரைவால், நுனியில் கொக்கி போல மடங்கிய வால் எல்லாம் நம் வட்டாரத்துப் பூனைகளின் பொதுச் சொத்து. 1868-இல் சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளைப் பற்றிய தம் நூலில், மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் உள்ள பூனைகளுக்குப் பாதி நீள வாலும் நுனியில் ஒரு முடிச்சும் இருப்பதைக் குறித்திருக்கிறார். இன்றும் ஜாலான் ஜெலுத்தோங் ஓரம் நடந்தால் அதே வால்களைப் பார்க்கலாம். தொடக்க காலத்தில் சயாமிலிருந்து மேற்கே போன பூனைகளிலும் முடிச்சு வால் இருந்தது உண்மை. ஆனால் இனப்பூனை வளர்ப்போர் அதைக் குறையாகக் கருதித் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கினார்கள். கண்ணுக்குத் தெரியும் முடிச்சு வால் இருந்தால் சயாமீஸ் போட்டியில் தகுதி போய்விடும். விற்பவர் அடையாளம் என்று காட்டியது உண்மையில் எதிர்ப்பக்கம் பேசும் அடையாளம். பாதத்தில் வெள்ளை விரல்கள் இருந்தாலும் அப்படித்தான், சயாமீஸில் அது ஏற்கப்படாது.

இதையெல்லாம் தெரிந்திருந்தும் நிறம் கண்ணை இழுக்கும். அதனால் நான் செய்வது சின்ன வேலை. போனில் படத்தைத் திறந்து கறுப்பு வெள்ளையாக மாற்றி, பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். முகத்தின் கறுப்புத் திட்டு மங்கி, எலும்பின் வடிவம் மேலே வரும். கறுத்த முகம் எப்போதும் இருப்பதைவிட ஒடுங்கியதாகத் தெரியும். அந்த மயக்கம் இதில் பாதி போய்விடும்.

எந்தப் படம், எப்படி எடுத்தது

தம்பி அனுப்பிய நான்கு படங்களில் இரண்டு, பூனையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போனை வைத்து எடுத்தவை. மற்றொன்று நின்றபடி கீழே பார்த்து எடுத்தது. நான்காவதில் பூனை தூங்கியது. நான்கும் அழகு. ஆனால் நான்கையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் பக்கத்தில் இருப்பது பெருக்கும், தள்ளி இருப்பது சுருங்கும். பூனை முகத்தில் கிட்டே இருப்பது மூக்கு, தள்ளி இருப்பது காது. எனவே கிட்டத்துப் படத்தில் முகவாய் நீண்டு, காது சிறுத்து, தலை வேறு பூனையின் தலையாகிவிடும். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து, கால் குட்டையாகி, உடம்பு சுருங்கும். நீண்ட உடம்புக்காரப் பூனைகூடக் கட்டையாகத் தெரியும்.

தேவையானவை மூன்று படங்கள். நேர் முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று, நான்கு காலிலும் நிற்கும்போது முழு உடம்பின் பக்கவாட்டுப் படம் ஒன்று. தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். கேமரா பூனையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி இருந்து இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், பகல் வெளிச்சம் போதும். இன்னொருவர் உங்கள் தலைக்கு மேலே சாவிக்கொத்தை ஒரு முறை ஆட்டினால் காது முன்னால் திரும்பி நிமிரும், அந்த நொடியில் எடுங்கள். பயந்த பூனை காதை இரு பக்கமும் சாய்த்துப் படுக்கவைத்துக்கொள்ளும். அப்போது எடுத்த படத்தில் காது தாழ்ந்தும் அகன்றும் தெரியும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பூனையின் வயதையும் கேட்டு வையுங்கள். இது முக்கியம். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை சாதாரணக் கம்பத்துப் பூனைக்கும் காது பெரிதாகவும், கால் நீண்டும், உடம்பு ஒல்லியாகவும் இருக்கும். நம் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் திடீரென்று உயர்ந்து மெலிந்து நிற்பது போன்ற பருவம் அது. தப்பாகச் சயாமீஸ் என்று சொல்லப்பட்டு என்னிடம் வந்த படங்களில் பாதிக்கு மேல் இந்த வயதுக் குட்டிகளுடையவை. ஆண் பூனையென்றால் காயடித்ததா இல்லையா என்றும் கேளுங்கள். காயடிக்காத ஆணுக்கு ஒரு வயதுக்கு மேல் கன்னம் தடித்து உப்பும். அப்போது தலை வடிவம் வேறாகத் தெரியும்.

தம்பியிடம் சொன்னேன்: “நாளைக்கு முடிவு சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போய்த் தரையில் உட்கார்ந்து மூன்று படம் எடு.” எடுத்து வந்தான். அந்த மூன்றை வைத்தே மேலே சொல்கிறேன்.

தலை

போட்டிகளில் இன்று பார்க்கும் சயாமீஸின் தலை ஒரு ஆப்பு. மரம் பிளக்க வைக்கும் ஆப்பைப் போல மூக்கு நுனியில் தொடங்கி இரு பக்கமும் நேர்கோட்டில் விரிந்து காது நுனி வரை போகும். நடுவில் எங்கேயும் கோடு உடையாது. கன்னம் புடைக்காது, மீசை முளைக்கும் மேட்டுக்குப் பின்னால் பள்ளம் விழாது.

இதைச் சோதிக்கப் போனில் படத்தின் மேலே கோடு போடும் வசதி போதும். நேர் முகப் படத்தைத் திறந்து, மூக்குக்குப் பக்கத்தில் முகவாயின் ஓரத்திலிருந்து ஒரு காதின் நுனிக்கு நேர்கோடு போடுங்கள். மறுபக்கமும் அதே போல. பிறகு இரண்டு காது நுனிகளையும் இணையுங்கள். ஒரு முக்கோணம் வரும். போட்டிச் சயாமீஸில் முகத்தின் ஓரமும் காதின் வெளி ஓரமும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே ஓடும். கம்பத்துப் பூனையில் மூன்று இடத்தில் கோட்டை மீறும் அல்லது கோட்டை விட்டு விலகும். முகவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ளே குழியும், கன்னத்தில் வெளியே புடைக்கும், கன்னத்துக்கு மேலே மறுபடி உள்ளே வாங்கிக் காது செங்குத்தாக ஏறும்.

தம்பி எடுத்த படத்தில் கோடு போட்டபோது கன்னம் இரு பக்கமும் தெளிவாக வெளியே நின்றது. ஐந்து மாதப் பெண் குட்டி, ஆணுக்கு வரும் கன்ன உப்பல் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. மீசை மேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழிவும் இருந்தது.

அடுத்தது பக்கவாட்டு முகம். என் அனுபவத்தில் மூன்று படங்களில் அதிகம் உண்மை பேசுவது இதுதான். முடியும் கன்னச் சதையும் இந்தக் கோணத்தில் ஏமாற்ற முடியாது. ஒரு தாளை எடுத்து அதன் நேர் விளிம்பைப் போன் திரையின் மேலே, பூனையின் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை வையுங்கள். போட்டிச் சயாமீஸில் உச்சந்தலையிலிருந்து மூக்கு வரை ஒரே நேர்கோடு, தாளுக்கும் முகத்துக்கும் இடைவெளி இருக்காது. கண்ணுக்கு மேலே மேடும் இருக்காது, மூக்குத்தண்டில் பள்ளமும் இருக்காது. கம்பத்துப் பூனையில் கண் மட்டத்தில் மென்மையாக ஒரு வளைவு உள்வாங்கும். தாளின் விளிம்புக்குக் கீழே பிறை போல ஒரு கீற்று பின்னணி தெரியும்.

இந்தக் குட்டிக்கு அந்தக் கீற்று தெரிந்தது. ஆழமான பள்ளமில்லை, ஆனால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தெரிந்தது.

கண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நிறத்தை அல்ல, வடிவத்தை. சயாமீஸ் கண் பாதாம்பருப்பு வடிவம், உள்முனை மூக்கை நோக்கிச் சரிந்திருக்கும். கம்பத்துப் பூனையின் கண் அதைவிட உருண்டை. ஆனால் வெயிலில் கண்ணைச் சுருக்கினால் எந்தப் பூனைக்கும் பாதாம் கண் வந்துவிடும். அதனால் நான் கண்ணைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

காது

புதிதாகப் பார்ப்பவர்கள் காது பெரியதா சிறியதா என்று மட்டும் பார்ப்பார்கள். அளவைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் பேசும்.

சயாமீஸ் காதின் அடி மிக அகலம். வெளி அடி தலையின் பக்கவாட்டில் கீழே இறங்கியிருக்கும். காது மேலே பார்ப்பதோடு வெளியேயும் விரியும், பத்து மணி, இரண்டு மணி காட்டும் கடிகார முள்கள் போல. கம்பத்துப் பூனையின் காது தலையின் மேல் மூலைகளில் உட்கார்ந்திருக்கும். பதினொரு மணி, ஒரு மணி முள்கள் போல மேலே நிற்கும். இந்தக் கடிகாரக் கணக்கு எந்த நூலிலும் உள்ள அளவு அல்ல, நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி. படத்தில் பூனையின் தலை நேராக இருந்தால்தான் இது பலிக்கும்.

குட்டிக்குக் காது பெரிதுதான். தம்பியும் அதைத்தான் முதலில் சொன்னான்: “காதைப் பாருங்கள் சித்தி, எவ்வளவு பெரிசு!” பெரிசுதான். ஆனால் அது மேல்நோக்கிப் பெரிசு. இரண்டு காதும் உச்சியில் நின்றன, வெளி அடி கண்ணின் பக்கம் இறங்கவில்லை. தலை வளர்ந்ததும் காது அளவோடு சேர்ந்துவிடும் என்பது தெரிந்தது. நல்ல வம்சாவளியில் வரும் சயாமீஸ் குட்டிக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே காது பக்கவாட்டில் விரிந்து, முகம் கூர்ந்து தெரியத் தொடங்கும். “வளர்ந்ததும் முகம் கூராகிவிடும்” என்று சொல்லி உருண்டை முகக் குட்டியை விற்பவர்களை நம்ப வேண்டாம். உருண்டை முகம் வளர்ந்து ஆப்பாக மாறுவதில்லை.

உடல் கட்டு

நிற்கும் படத்தில் முதலில் ஒல்லியையும் நீளத்தையும் பிரித்துப் பாருங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சோறு கிடைக்காத பூனை ஒல்லியாக இருக்கும். சயாமீஸ் ஒல்லியாக இருப்பது வேறு மாதிரி. அது குழாய் போல ஒரே சீரான உடம்பு, தோளும் இடுப்பும் ஒரே அகலம், தொட்டால் இறுக்கமான தசை. பசியில் மெலிந்த பூனைக்கு இடுப்பெலும்பு மேலே துருத்தும், விலா தெரியும், பூச்சி இருந்தால் வயிறு மட்டும் உப்பியிருக்கும்.

சந்தேகம் வந்தால் சதை ஏறாத இடங்களைப் பாருங்கள். முன்னங்காலின் மணிக்கட்டும் பாதமும் பூனை கொழுத்தாலும் மெலிந்தாலும் பெரிதாக மாறாது. சயாமீஸுக்கு அந்த எலும்பு மெல்லியது, பாதம் சிறியது, நீள்வட்டம். கம்பத்துப் பூனைக்கு எலும்பு நடுத்தரம், பாதம் உருண்டை. சயாமீஸின் பின்னங்கால் முன்னங்காலைவிட உயரம், கழுத்து நீளம். வால் நீண்டு, அடியிலேயே மெலிந்து, சாட்டை போல நுனி வரை ஒடுங்கும்.

இந்தக் குட்டிக்குப் பின்னங்கால் கொஞ்சம் உயரமாகத்தான் இருந்தது. ஐந்து மாதத்தில் அதற்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. பாதம் உருண்டை, நன்றாகத் தரையில் பதிந்திருந்தது. கழுத்து நடுத்தரம். வாலைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன், பாதி நீளம், நுனியில் முடிச்சு.

முடிவை எப்படிச் சொல்வது

தலை, காது, உடல் கட்டு மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நான் முடிவு சொல்வேன். இங்கே மூன்றும் கம்பத்துப் பூனை என்றுதான் சொல்லின. நிறம் மட்டும் சயாமீஸ் என்றது.

ஒருவேளை மூன்றும் சயாமீஸ் என்று சொல்லியிருந்தாலும் நான் “சயாமீஸ் சாயல் வலுவாக இருக்கிறது” என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். இனம் என்பது வம்சாவளிப் பதிவு. சி.எஃப்.ஏ., டிக்கா, ஃபிஃபே போன்ற பதிவு அமைப்புகளின் சான்றிதழில் தாய், தந்தை, அவற்றின் பெற்றோர், பதிவு எண் எல்லாம் இருக்கும். விலை இனத்துக்காகக் கேட்கப்பட்டால் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் “சயாமீஸ்” என்று எழுதியிருப்பது வம்சாவளிச் சான்றிதழ் ஆகாது. அது பெரும்பாலும் பூனையைக் கொண்டுவந்தவர் சொன்னதை எழுதிக்கொண்டதுதான்.

இன்னொரு பக்கமும் இந்த முறைக்கு எல்லை உண்டு. சயாமீஸில் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது, தாய்லாந்தில் விச்சியன்மாட் என்பார்கள், டிக்காவில் தாய்லாந்தைக் குறிக்கும் “தாய்” என்ற பெயரில் தனி இனமாகப் பதிவாகிறது. அதன் முகம் போட்டிச் சயாமீஸ் போலக் கூரான ஆப்பு அல்ல. கன்னம் உருண்டை, காது நடுத்தரம், உடம்பும் அவ்வளவு நீளமில்லை. நெற்றி மட்டும் நீண்டு தட்டையாக இருக்கும். அந்த வகையையும், நல்ல முகவெட்டுள்ள நம் கம்பத்துப் பூனையையும் படத்தில் பிரிப்பது எனக்கும் முடியாது. அங்கே காகிதம் மட்டும்தான் பேசும்.

முடியாததற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புகிறேன். நிறத்தைப் பார்த்ததும் நாம் “சயாமீஸ் மிக்ஸ்” என்கிறோம். எங்கிருந்தோ வந்த உயர்ந்த இனம் நம் தெருப் பூனையோடு கலந்தது போல ஒரு பேச்சு. வழி பெரும்பாலும் மறுபக்கம்தான். இந்த நிறம் இந்த வட்டாரத்துப் பூனைகளுடையது. சயாமிலிருந்து சில பூனைகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குப் போயின. அங்கேயும் பிறகு அமெரிக்காவிலும் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து முகத்தைக் கூராக்கி, காதை விரித்து, உடம்பை நீட்டி எடுத்ததுதான் இன்றைய போட்டிச் சயாமீஸ். நம் ஊர்க் குட்டி அந்தக் குடும்பத்தின் ஊரோடு தங்கிவிட்ட கிளை. அதற்கு அப்பாவாக ஒரு சயாமீஸைத் தேட வேண்டிய அவசியமில்லை.

சாம்பல் பூனையும் நீள்முடிப் பூனையும்

இதே மூன்றையும் இங்கே அடிக்கடி வரும் வேறு இரண்டு கேள்விகளுக்கும் வைத்துப் பார்க்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

சாம்பல் நிறப் பூனையைப் பார்த்ததும் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் என்பார்கள். சாம்பல் என்பது கறுப்பு நீர்த்துப்போன நிறம், எந்தப் பூனைக்கும் வரும். காயடிக்காத சாம்பல் நிற ஆண் பூனைக்குக் கன்னமும் உப்பினால் பார்க்க அப்படியே இருக்கும், நானே ஒருமுறை தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பூனையைக் காயடித்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கன்னம் வடிந்து, கம்பத்துப் பூனையின் முகம் வெளியே வந்திருந்தது. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்குக் கன்னம் மட்டும் அல்ல, மண்டையே அகலம். காது சிறியது, நுனி மழுங்கியது, இரண்டுக்கும் இடையில் நல்ல தூரம். கழுத்து இருப்பதே தெரியாது, கால் குட்டை, தடிமன். கன்னத்தைக் கையால் மறைத்துக் காதையும் காலையும் மட்டும் பாருங்கள், பதில் வந்துவிடும்.

நீள்முடிக்குப் பாரசீகப் பூனை என்று பெயர். நீள்முடியும் ஒரு மரபணுதான், தனியாக அலையக்கூடியது. பக்கவாட்டு முகத்தைப் பாருங்கள். பாரசீகப் பூனையில் மூக்கு குட்டையாகி, கண்களுக்கு நடுவில் ஒரு வெட்டுப் போல ஆழமாக உள்வாங்கியிருக்கும். மூக்கு சாதாரண நீளம் என்றால் அது நீள்முடிக் கம்பத்துப் பூனை. இரண்டுக்கும் நடுவில், மூக்கு சற்றே குட்டை, காது சற்றே தாழ்வு, கண் ஓரம் அடிக்கடி நீர் வடியும் பூனைகளும் நிறைய வருகின்றன. பாரசீகப் பூனைகளை நம் நாட்டில் பலர் வளர்க்கிறார்கள், காயடிக்காமல் வெளியே விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் இங்கே “மிக்ஸ்” என்ற சொல்லை நான் தயங்காமல் பயன்படுத்துவேன்.

அந்தக் குட்டி

தம்பி திரும்பிப் போய் வம்சாவளிக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வெளியில் சோறு வைக்கும் பூனை என்றார். காட்டவும் செய்தார். கறுப்பும் வெள்ளையுமாக, அரைவாலோடு, சமையலறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தது. இனத்துக்காகப் பணம் தர முடியாது, தடுப்பூசிக்கும் பூச்சி மருந்துக்கும் ஆன செலவைத் தருகிறேன் என்று தம்பி சொன்னான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

கிளினிக்கில் பதிவு அட்டை எழுதும்போது இனம் என்ன என்று கேட்டார்கள். “டொமெஸ்டிக் ஷார்ட்ஹேர், சயாமீஸ் நிறம், பெண், அரைவால், நுனியில் முடிச்சு” என்று எழுதச் சொன்னேன். நாளைக்கே குட்டி காணாமல் போய் யாராவது தேட வேண்டியிருந்தால், வெறும் சயாமீஸ் என்று எழுதினால் கூர்முகமும் நீண்ட வாலுமுள்ள பூனையைத்தான் தேடுவார்கள்.

ஏழாவது மாதம் கருத்தடை செய்தோம். வயிற்றில் சவரம் செய்த இடத்தில் முடி திரும்ப வந்தபோது தம்பி பதறிப்போய்ப் படம் அனுப்பினான், பால் நிற வயிற்றில் தீப்பெட்டி அளவுக்குப் பழுப்புத் திட்டு. முடியில்லாமல் தோல் குளிர்ந்திருந்த நாட்களில் முளைத்த முடி என்பதால் அது கறுத்து வந்திருக்கிறது, அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது வெளுத்துவிடும் என்றேன். அப்படியே வெளுத்தது. ஒரு வயதான பிறகு எடுத்த படத்தில் காது தலைக்கு அளவாகிவிட்டது, கன்னம் உருண்டு நிற்கிறது, தாளை வைத்தால் அதே பிறைக் கீற்று.